வயலில் எடுத்த ஒரு படம்: பவர் டில்லரை அடையாளம் கண்டு விலையும் கருவிகளும் சொன்ன நிகழ்வு

பின்னணி

பழைய பண்ணை இயந்திரங்களைப் பழுது பார்ப்பதும், வாங்குகிறவர்களுக்கு மதிப்புச் சொல்வதும் என் தொழில். நாலு ஏக்கர் வைத்திருக்கும் ஓர் இளைஞர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். மூன்று ஏக்கரில் காய்கறி, மீதி ஒரு ஏக்கர் சேற்றுழவு போடும் தாழ்வான நிலம். அதுவரை உழவுக்கு வாடகை வண்டியை நம்பி இருந்தவர். படத்தோடு அவர் எழுதியது இது:

"அண்ணே, இது சின்ன டிராக்டரா, டில்லரா? விற்கிறவர் 15 எச்.பி.ன்னு சொல்றார். என்ன விலைக்கு வாங்கலாம்? பின்னால நிக்கிற சாமான் எல்லாம் இதோட சேர்த்துத் தர்றாராம். எல்லாம் இதுக்குப் பொருந்துமா?"

விற்பவர் கேட்ட தொகையையும், அதே வகையில் புதிய வண்டிக்கு (மண்ணைச் சுழன்று கிளறும் ரோட்டரியோடு) விற்பனையாளர் சொன்ன விலையையும் அவரே விசாரித்து எழுதியிருந்தார். அது எனக்குப் பெரிய உதவி. பழைய வண்டிக்குத் தனியாக ஒரு தொகை சொல்வதைவிட, புதியதை 100 என்று வைத்துக்கொண்டு பழையதன் மதிப்பை அதில் இத்தனை பங்கு என்று சொல்வதுதான் என் வழக்கம். ஊர் மாறினாலும் பணம் மாறினாலும் அந்தக் கணக்கு செல்லும். விற்பவர் கேட்டது அந்தக் கணக்கில் 75.

படத்தில் தெரிந்தது

வரப்போரத்தில் பக்கவாட்டில் நிற்கும் சிவப்பு வண்டி. முன்னால் இஞ்சின், நடுவில் இரண்டு பெரிய சக்கரம், பின்னால் ஓர் இருக்கை. இருக்கையைப் பார்த்ததும் பலருக்கு இது டிராக்டரோ என்ற சந்தேகம் வந்துவிடும். ஆனால் இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன வால் சக்கரம் இருந்தது. ஸ்டியரிங் வளையம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து நீளமாக இரண்டு கைப்பிடிகள் பின்னோக்கி வந்தன. அச்சு ஒன்றுதான், முன் சக்கரமே கிடையாது. ஆக இது பவர் டில்லர், அதில் உட்கார்ந்து ஓட்ட ஓர் இருக்கை பூட்டியிருக்கிறார்கள். முதல் கேள்விக்கு அவ்வளவுதான் விடை.

அடுத்து எந்த அளவு வண்டி என்று பார்க்க வேண்டும். நிறத்தையும் ஒட்டுத்தாளையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே அமைப்பில் உள்ள டில்லரைப் பல ஆலைகள் வெவ்வேறு பெயரில், வெவ்வேறு வண்ணத்தில் செய்கின்றன. பழைய வண்டியென்றால் மறுபடி பெயின்ட் அடித்தும் இருப்பார்கள். படத்தைப் பெரிதாக்கியபோது டயரின் பக்கச் சுவரில் 6.00-12 என்ற எழுத்து, மண் ஒட்டியிருந்தாலும் படிக்க முடிந்தது. டயரின் அகலம் 6 அங்குலம், அது உட்காரும் ரிம் 12 அங்குலம் என்று பொருள். 5, 6 எச்.பி. இலகு டில்லர்கள் பெரும்பாலும் இதைவிடச் சின்ன டயரில்தான் ஓடும். 6.00-12 டயர் என்றால் இஞ்சின், ரோட்டரி எல்லாம் சேர்த்து அரை டன்னுக்குக் கிட்ட எடையுள்ள பெரிய வகை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இஞ்சின் படுக்கை அமைப்பில், ஒற்றை சிலிண்டர் டீசல். பக்கத்தில் கனமான ஃப்ளைவீல், அதிலிருந்து பின்னால் கிளச் கப்பிக்குப் போகும் மூன்று வி-பெல்ட். இஞ்சின் தலையில் ரேடியேட்டர் இல்லை. திறந்த வாயுள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு மிதவைக் கம்பியும்தான் இருந்தன. தொட்டித் தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் இந்த இஞ்சின் சூடு தணியும். தண்ணீர் குறையக் குறைய மிதவை இறங்கும். இத்தனையும் சேர்ந்தால் அது டோங்ஃபெங்-12 போன்ற சீன அமைப்பு டில்லர்க் குடும்பம். உலகில் எத்தனையோ நாடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் வகை அது.

எச்.பி. விஷயம் மட்டும் படத்தில் தீரவில்லை. இந்த வகை வண்டியில் பொதுவாக எஸ்195 இஞ்சினோ, அதற்கு அடுத்த பெரிய 1100 இஞ்சினோ இருக்கும். முதல் இலக்கம் சிலிண்டர் எண்ணிக்கை, அதற்குப் பின் வருவது போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில். ஆக 195 என்றால் ஒரு சிலிண்டர், 95 மி.மீ. போர். 1100 என்றால் ஒரு சிலிண்டர், 100 மி.மீ. பிஸ்டன் போய்வரும் நீளமான ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 115 மி.மீ.தான். போரில் உள்ள 5 மி.மீ. வித்தியாசம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அதனால் படத்தை வைத்து "12 அல்லது 15" என்றுதான் சொல்ல முடியும். அதற்கு மேல் யாராவது உறுதியாகச் சொன்னால், ஒட்டுத்தாளைப் பார்த்துச் சொல்கிறார் என்று அர்த்தம்.

பின்னால் நின்ற சாமான்கள்

இந்த நிகழ்வில் பணம் அதிகம் புரண்டது இங்கேதான். கொட்டகை நிழலில் வண்டிக்குப் பின்னால் நான்கு கருவிகள் தெரிந்தன. ஒன்று கொத்துக் கலப்பை, ஒன்று அகலமான ரோட்டவேட்டர். சுவரில் சாய்த்து வைத்த இரும்புக் கூண்டுச் சக்கர ஜோடி ஒன்று. ஒரு சின்ன இரட்டை வளைபலகைக் கலப்பை. வண்டியின் வாலில் டில்லரின் சொந்த ரோட்டரி ஏற்கெனவே பூட்டியிருந்தது.

கொத்துக் கலப்பையின் நெற்றியில் ஏ எழுத்துப் போல ஒரு முக்கோணச் சட்டம், அதன் உச்சியில் ஒரு துளை, கீழே இரு பக்கமும் நீட்டிய முளைகள். இது டிராக்டரின் மூன்று புள்ளி இணைப்பில் மாட்டும் கருவி. ரோட்டவேட்டரிலும் அதே முக்கோணம், கூடவே நடு கியர் பெட்டியிலிருந்து முன்னால் நீளும், டிராக்டரின் சக்தியைக் கருவிக்குக் கொண்டுவரும் பி.டி.ஓ. தண்டின் உறை. டில்லரில் கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் கை கிடையாது. பின்னால் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் பொதுவான பி.டி.ஓ. தண்டும் கிடையாது. அதன் ரோட்டரி தன் கியர் பாக்ஸோடு நேரடியாகப் போல்ட் போட்டு, உள்ளே இருக்கும் பற்சக்கரத்திலிருந்து சக்தி எடுக்கும். ஆகவே அந்த இரண்டு கருவியும் எந்த வழியிலும் இந்த வண்டியில் ஏறாது. ஏதாவது சட்டம் வெல்டு செய்து கொத்துக் கலப்பையை இழுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒன்பது கொத்து மண்ணில் இறங்கினால் இந்த எடையுள்ள வண்டி நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். ரோட்டவேட்டருக்குத் தோராயமாக 25 எச்.பி.க்கு மேல் உள்ள டிராக்டர் வேண்டும்.

கூண்டுச் சக்கரமும் வளைபலகைக் கலப்பையும் டில்லருக்கு உரியவைதான். ஆனாலும் அது *இந்த* டில்லருக்கு உரியதா என்பதைப் படம் சொல்லாது. அச்சின் அளவு, கலப்பையைப் பூட்டும் இணைப்புப் பெட்டியின் துளை இரண்டும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

முதல் முடிவும் காரணமும்

ஒரே விலை சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். "35 முதல் 50 வரை" என்ற வரம்பை மட்டும் சொல்லி, அதற்குக் காரணமும் எழுதினேன். இந்த வகை வண்டி ஓடும் நிலையில், ரோட்டரி முழுசாக இருந்து, வயதானதாக இருந்தால் என் அனுபவத்தில் பாதி விலைக்குச் சற்று முன்னும் பின்னும் நிற்கும். இந்தப் படத்திலேயே ரோட்டரியின் கத்திகள் தேய்ந்து நுனி கூர்ந்து போனது தெரிந்தது, இரண்டு பிடிகளில் கத்தியே இல்லை. டயர் பாதிக்குக் குறைவாகத்தான் மிச்சம். அந்தச் செலவுகளைக் கழித்தால் மேல்முனை 50க்கு மேல் போகாது. இஞ்சின் எப்படி இருக்கிறது என்று தெரியாததால் கீழ்முனையை 35 வரை இறக்கி வைத்தேன். 75க்கும் இதற்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதி அந்த இரண்டு டிராக்டர்க் கருவிகளின் விலை. வாங்குகிறவருக்கு உதவாத பொருளின் மதிப்பு அவருக்குச் சுழியம்தான், விற்பவர் அதற்கு எவ்வளவு கொடுத்திருந்தாலும் சரி.

அப்புறம் அவரிடம் கேட்டது: இஞ்சினின் தகடு துடைத்து எடுத்த படம், வண்டியின் நேர்பின்புறப் படம், சக்கரத்தைக் கழற்றாமலே அச்சின் முனை தெரியும் படம், குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வீடியோ. வீடியோவில் முதல் காட்சியே தண்ணீர்த் தொட்டி மூடி திறந்திருக்க, கையை உள்ளே விடுவதாக இருக்க வேண்டும் என்று குறிப்பாகச் சொன்னேன். இஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிட எளிய சான்று இல்லை. முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்த இஞ்சின் எந்த நோயையும் காட்டாமல் சட்டென்று பிடித்துவிடும்.

இரண்டாம் சுற்றில் வந்தது

தகடு படிக்கும்படி இருந்தது. எஸ்195, 8.8 கிலோவாட், நிமிடத்துக்கு 2000 சுற்று. 8.8 கிலோவாட் என்பது 12 எச்.பி. விற்பவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. இந்த இஞ்சினுக்கு ஒரு மணி நேரம் மட்டும் தாங்கக்கூடிய உச்சத் திறன் என்று 13.2 எச்.பி. எழுதும் வழக்கமும் உண்டு. அது கைமாறிக் கைமாறி 15 ஆகிவிட்டது. மூடியில் ஒட்டியிருந்த "15" தாளும் அதற்குத் துணை. புதிய வண்டியின் விலையை எந்த வகையோடு ஒப்பிடுவது என்பது இதனால் மாறுகிறது. 15 எச்.பி. புதியதன் விலையை 100 என்று வைத்திருந்தோம். 12 எச்.பி. புதியது அதைவிடக் குறைவு என்பதால் அதன் விலையை மறுபடி விசாரிக்கச் சொல்லி, அதையே 100 ஆக்கினோம். அந்தக் கணக்கில் விற்பவர் கேட்டது 75லிருந்து 80க்கு மேல் போய்விட்டது.

நேர்பின்புறப் படத்தில் டயரை அளவுகோலாக வைத்தேன். டயர் அகலம் சுமார் 15 செ.மீ. ரோட்டரி வெட்டும் அகலம் அதைப் போல நான்கு மடங்கு தெரிந்தது. ஆக 60 செ.மீ., இந்த வகைக்கு வழக்கமான அளவு. இரண்டும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். பக்கவாட்டில் எடுத்த முதல் படத்தில் இதைச் செய்திருக்க முடியாது. அச்சு அறுகோண வடிவம். கூண்டுச் சக்கரத்தின் நடுக்குழாயும் அறுகோணம். எதிர்ப்பக்கங்களுக்கு இடையே உள்ள அளவை ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன், இரண்டும் ஒத்து வந்தன.

வீடியோதான் விலையைத் தீர்மானித்தது. தொட்டித் தண்ணீரில் கை, பிறகு கைப்பிடி சுற்றி ஸ்டார்ட். மூன்றாவது சுற்றில் பிடித்தது, அது நல்லது. முதல் சில வினாடி வெள்ளைப் புகை, சீக்கிரம் தெளிந்துவிட்டது. நீலப் புகை இல்லை. ஆனால் தொட்டிக்குள் பார்த்தால், தண்ணீர் இன்னும் சூடே ஏறாத நிலையில், ஒரு மூலையிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் சீராக மேலே வந்துகொண்டிருந்தன. கொதிப்பதற்கு நேரமே ஆகவில்லை. ஆகவே அது ஆவி அல்ல, எரியும் அறையிலிருந்து கசியும் வாயு. பெரும்பாலும் சிலிண்டருக்கும் அதன் தலைமூடிக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கும். மூடிய ரேடியேட்டர் உள்ள இஞ்சினில் இது எளிதில் கண்ணில் படாது. திறந்த தொட்டி இருப்பதால் இங்கே கண்ணாலேயே பார்க்க முடிகிறது.

தண்ணீர் எண்ணெய்க்குள்ளும் போகிறதா என்று தெரிய வேண்டும். அளவுக் கம்பியை எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டச் சொன்னேன். கறுப்பாகத்தான் இருந்தது. மோர் நிறமாக இருந்திருந்தால் லைனரின் அடி ரப்பர் வளையம் போனதாகவும் இருக்கலாம், அல்லது ஹெட்டே விரிசல் விட்டிருக்கலாம். அப்போது இந்த வண்டியை விட்டுவிடச் சொல்லியிருப்பேன்.

சொன்ன விலையும் கருவிப் பட்டியலும்

புதிய 12 எச்.பி. வண்டியை 100 என்று வைத்து 40 சொன்னேன், 45க்கு மேல் போக வேண்டாம் என்றேன். கேஸ்கட் தானே விலை குறைந்த பொருள்தான். ஆனால் ஹெட்டைக் கழற்றினால் அதன் தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சமன் செய்ய வேண்டும். அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான் கழித்தேன். டிராக்டர்க் கருவிகள் இரண்டையும் கணக்கிலிருந்து முழுக்க எடுத்துவிட்டு, கூண்டுச் சக்கரத்தையும் வளைபலகைக் கலப்பையையும் மட்டும் சேர்த்தேன்.

அவருடைய நிலத்துக்கு எது உதவும் என்பதை வேலை வாரியாக எழுதிக் கொடுத்தேன். சேற்றுழவுக்கு டயரைக் கழற்றிக் கூண்டுச் சக்கரமும் ரோட்டரியும். வளைபலகைக் கலப்பை போட வேண்டுமென்றால் ரோட்டரியை முழுக்க இறக்கி, இணைப்புப் பெட்டியைப் பூட்ட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய கனமான வேலை. ஒரே நாளில் மாற்றி மாற்றிப் போடலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

காய்கறிக்குப் பார் எழுப்பத் தனிக் கருவி தேடினார். அதற்கு முதலில் ரோட்டரியையே பயன்படுத்திப் பார்க்கச் சொன்னேன். ரோட்டரிக் கத்திகள் இடது வளைவு, வலது வளைவு என இரண்டு வகை. எல்லாக் கத்தியின் வளைவும் நடுவைப் பார்க்கும்படி மாட்டினால் மண் நடுவில் குவிந்து மேடாகும். எல்லாம் வெளியே பார்த்தால் நடுவில் பள்ளம் விழும். மாற்றி மாற்றி மாட்டினால் மட்டமாக வரும். எப்படியும் புதிய கத்தி ஒரு செட் வாங்கத்தான் வேண்டும். மாட்டும்போதே எது எந்தப் பக்கம் என்று பார்த்து மாட்டினால் முதல் ஆண்டுக்குப் பார் கருவி தேவைப்படாது.

தண்ணீர் இறைக்கப் பம்பு மாட்டலாமா என்று கேட்டார். ஃப்ளைவீலிலிருந்து பெல்ட் போட்டு மாட்டலாம், 12 எச்.பி. அதற்குத் தாராளம். ஆனால் நின்ற இடத்தில் மணிக்கணக்காக ஓடும்போது தொட்டித் தண்ணீர் வேகமாக ஆவியாகும். மிதவையைப் பார்த்து ஊற்ற ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவில் ஓட விட்டுத் தூங்கப் போகிற வேலைக்கு இந்த இஞ்சின் ஆகாது.

டிரெய்லர் விஷயத்தில் மட்டும் அவருக்கு நான் தடை போட்டேன். அவருடைய நிலத்துக்குப் போகும் பாதை ஓரிடத்தில் செங்குத்தான இறக்கம். டில்லரைத் திருப்புவது பக்கக் கிளச்சுகளால். இடது பக்கத்தை விடுவித்தால் இடது சக்கரத்துக்குச் சக்தி நின்று வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது கதை நேர்மாறு: விடுவித்த சக்கரம் தடையில்லாமல் வேகமாக ஓட, இஞ்சினோடு பிணைந்த சக்கரம் மெதுவாக, வண்டி வலப்பக்கம் போகும். பழகியவர்களே சில நேரம் தடுமாறும் இடம் அது. ஒரு பருவம் வயலில் ஓட்டிப் பழகிய பிறகு டிரெய்லரைப் பற்றிப் பேசலாம், அதுவும் பிரேக் உள்ள டிரெய்லராக இருந்தால், என்று எழுதினேன்.

பிறகு நடந்தது

விற்பவர் முதலில் மறுத்தார். டிராக்டர்க் கருவிகளைத் தனியாக, டிராக்டர் வைத்திருப்பவருக்கு விற்றால் அவருக்கே லாபம் என்று இளைஞர் எடுத்துச் சொன்ன பிறகு இறங்கி வந்தார். 44க்கு முடிந்தது. கூண்டுச் சக்கரமும் கலப்பையும் உள்பட.

ஹெட்டைக் கழற்றியபோது கேஸ்கட்டில் ஓர் இடத்தில் கருகிய தடம் இருந்தது. தொட்டியில் குமிழி வந்த அதே பக்கம். தளம் சமமாகத்தான் இருந்தது, கேஸ்கட் மாற்றியதோடு முடிந்தது. கத்தி செட் புதிதாகப் போட்டார்கள். நடுவைப் பார்த்து மாட்டியதில் பார் ஓரளவு எழும்பியது, ஆனால் அவர் எதிர்பார்த்த உயரம் வரவில்லை. கத்தரிக்குப் போதும், கிழங்கு வகைக்கு மண்வெட்டியால் மேலும் அணைக்க வேண்டியிருந்தது.

எந்தப் படத்திலும் தெரியாத ஒரு குறை வயலில் வெளியே வந்தது. வலப்பக்கக் கிளச் லிவரைப் பிடித்தாலும் சக்கரம் சில சமயம் விடுபடவில்லை. வரப்பு முனையில் திருப்பும்போது வண்டி நேராகப் போகப் பார்த்தது. கம்பியின் நீளத்தைச் சரிசெய்ததும் கொஞ்சம் தேறியது, முழுக்கச் சரியாகவில்லை. கியர் பாக்ஸைத் திறந்ததில் உள்ளே கிளச்சைத் தள்ளும் ஃபோர்க் தேய்ந்திருந்தது. பொருள் விலை பெரிதல்ல, ஆனால் கியர் பாக்ஸ் திறக்கும் கூலியும் சும்மா நின்ற நாட்களும் சேர்ந்து 100க்கு 4 அளவுக்குச் செலவு வைத்தது. அதையும் கூட்டினால் அவர் கொடுத்தது 48 ஆகிறது. முதலில் சொன்ன வரம்புக்குள்தான், ஆனால் மேல்முனைக்குப் பக்கத்தில்.

இப்போது மாற்றியிருப்பது

படம் அனுப்பிக் கேட்பவர்களிடம் ஸ்டார்ட் வீடியோவோடு இன்னொரு வீடியோவும் கேட்கிறேன். ரோட்டரியை நியூட்ரலில் வைத்து, சமதளத்தில், முதல் கியரில் ஒரு முறை இடப்பக்கமும் ஒரு முறை வலப்பக்கமும் முழு வட்டம் அடிக்க வேண்டும். கேமரா கைப்பிடி லிவரையும் சக்கரத்தையும் ஒரே காட்சியில் காட்ட வேண்டும். லிவரைப் பிடித்ததும் அந்தப் பக்கச் சக்கரம் உடனே நிற்கிறதா, இழுத்துக்கொண்டு சுற்றுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். இழுத்தால் 100க்கு 5 கழிக்கிறேன்.

புதிய வண்டியின் விலையைத் தகடு படித்த பிறகுதான் விசாரிக்கச் சொல்கிறேன், அதற்கு முன் சொல்லும் வரம்பில் 12, 15 இரண்டையும் எழுதுகிறேன். படத்தில் மூன்று புள்ளிச் சட்டமுள்ள கருவி ஏதும் தெரிந்தால், விலை பேசுவதற்கு முன்பே அதைப் பட்டியலிலிருந்து தனியாக எடுத்து விற்பவரிடம் சொல்லிவிடும்படி எழுதுகிறேன். இந்த நிகழ்வில் அதை முதல் நாளே சொல்லியிருந்ததால்தான் பேரம் வண்டியைச் சுற்றி மட்டும் நடந்தது.